படுக்கையில் இருக்கும் அப்பாவின் அறையில் எறும்பும் ஈயும்: என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை
அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோயும் உண்டு. பக்கவாதம் வந்து வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் இல்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. சிறுநீருக்குக் குழாய் போட்டு பை மாட்டியிருக்கிறது. ஏர் பெட்டில் படுக்க வைத்திருக்கிறோம், இருந்தும் இடுப்புக்குக் கீழே ஒரு படுக்கைப்புண் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிஸ்டர் வந்து கட்டு மாற்றுகிறார்.

இப்போது பிரச்சினை எறும்பு. ராத்திரியில் தலையணைப் பக்கம் வருகிறது. காலையில் பார்த்தால் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அவரால் கையைத் தூக்கித் தட்டிவிடவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. பகலில் ஈ. ஓட்டு வீடு, கொல்லையில் மாட்டுக் கொட்டகை இருக்கிறது.

மஞ்சள்தூள் கோடு போட்டாயிற்று. கட்டில் காலைச் சுற்றி எறும்பு சாக்பீஸும் கிழித்தாயிற்று. போன வாரம் என் மைத்துனர் சுவரோரம் ஸ்பிரே அடித்தார். இரண்டு நாள் சும்மா இருந்தது, அப்புறம் பழைய இடத்தோடு ஜன்னல் பக்கமும் வருகிறது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கிராம்பு டப்பா
எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். சர்க்கரை டப்பாவில் நாலு கிராம்பு போட்டு வையுங்கள், ஒரு எறும்பு எட்டிப் பார்க்காது. அரிசிக்கு வசம்பு.

வெண்ணாற்றங்கரை
நன்றிங்க, ஆனால் நான் கேட்டது சமையலறைக்கு இல்லை. நோயாளி கட்டிலுக்கு.

திருச்சி மூர்த்தி
தம்பி, ரொம்ப சுலபம். கட்டிலின் நாலு காலுக்கும் நாலு கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள், அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்கள். அந்தக் காலத்தில் மாவு மேசைக்கெல்லாம் எங்கள் பாட்டி இப்படித்தான் செய்வார்.

இன்னொன்று, சிறுநீர்ப் பை பக்கம் எறும்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே மாத்திரையைக் கூட்டுங்கள்.

பணி ஓய்வு சிஸ்டர்
நான் 30 வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மூர்த்தி சார் சொன்ன கிண்ணம் சரி. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். மூச்சு விடவே சிரமப்படுகிறவர் ராத்திரி முழுக்க அந்த வாடையில் படுத்திருக்க முடியாது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால் தீ ஆபத்து வேறு. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் போதும், எறும்பு மிதக்காமல் முங்கிவிடும். மாத்திரையை நாமாகக் கூட்டுவது கூடவே கூடாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி, முதலில் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எறும்பு என்ன நிறம், எவ்வளவு பெரிது? ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசை எங்கே ஏறுகிறது, எங்கே போய் முடிகிறது? எறும்பைக் கொல்லாமல் கால் மணி நேரம் சும்மா பாருங்கள். எதைத் தேடி வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெண்ணாற்றங்கரை
நேற்று ராத்திரி பார்த்தேன் அம்மா. மிகப் பொடி எறும்பு, வெளிர் மஞ்சள், பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பு. வெள்ளை விரிப்பில் சட்டென்று கண்ணுக்கே தெரியாது.

கட்டில் காலில் ஒன்றுகூட ஏறவில்லை. சுவிட்ச் போர்டு ஓட்டையிலிருந்து வந்து, ஏர் பெட் மோட்டாரின் வயரில் இறங்கி, மோட்டாரிலிருந்து காற்றுக்குழாய் வழியாக மெத்தைக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வரிசை. ஒன்று தலையணைக்கு, மூக்குக் குழாயின் மூடி இருக்கும் இடத்துக்கு. இன்னொன்று கட்டில் சட்டம் வழியாக யூரின் பேக்கின் அடிக்குழாய்க்கு.

பூச்சித் தொழில்
நான் பூச்சிக் கட்டுப்பாடு வேலை செய்கிறவன். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது ஃபாரோ எறும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிகளில் பெரிய தலைவலி அது. ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும். ஸ்பிரே அடித்தால் மிச்சம் இருப்பது இரண்டு மூன்றாகப் பிரிந்து வேறு வேறு இடத்தில் குடியேறிவிடும். உங்கள் மைத்துனர் அடித்த பிறகு ஜன்னல் பக்கம் புதிதாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு இரைதான் வழி. நூறு மில்லி வெந்நீரில் சர்க்கரை 10 கிராம், போரிக் ஆசிட் 1 கிராம். தலை தட்டிய கால் டீஸ்பூன் போரிக் கிட்டத்தட்ட 1 கிராம் வரும். நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து சுவிட்ச் போர்டுக்குக் கீழே அதன் பாதையில் வையுங்கள். கட்டிலில் வைக்காதீர்கள்.

திருச்சி மூர்த்தி
போரிக் என்றால் கேரம் போர்டு பவுடர்தானே? ஒரு ஸ்பூன் தாராளமாகப் போட்டால் ஒரே நாளில் ஒழிந்துவிடுமே, எதற்குக் கால் ஸ்பூன் கணக்கு?

பூச்சித் தொழில்
அங்கேதான் சார் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அதிகம் போட்டால் குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. கொஞ்சமாக இருந்தால்தான் வயிற்றில் வைத்துக்கொண்டு போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். மூடியைச் சுற்றிச் செத்த எறும்பு குவிந்து கிடந்தால் கலவை காட்டமாகிவிட்டது என்று அர்த்தம்.

கேரம் பவுடர் எல்லாமே போரிக் இல்லை, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் போரிக் ஆசிட் என்றே கேட்டு வாங்குவது நல்லது. முதல் இரண்டு மூன்று நாள் எறும்பு அதிகமாக வரும். பயந்து துடைத்துவிடாதீர்கள். புற்று அடங்க வாரக்கணக்கில் ஆகும். சர்க்கரையைச் சீண்டவே இல்லை என்றால் அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் அதே அளவு போரிக்கைப் பிசைந்து வைத்துப் பாருங்கள். இந்த எறும்புக்குக் கொழுப்பும் பிடிக்கும்.

பணி ஓய்வு சிஸ்டர்
இரை பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் கரைசலைப் பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். குழாயில் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அது பெரிய ஆபத்து. மருந்து மேசையில் வைக்கவே கூடாது. பாட்டிலில் பெரிதாக விஷம் என்று எழுதி வேறு அறையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி வெண்ணாற்றங்கரை தம்பிக்கு. கட்டிலுக்கு நாலு கால் என்றுதான் நாம் எண்ணுகிறோம். எறும்புக்கு மோட்டார் வயரும் ஒரு கால், காற்றுக்குழாயும் ஒரு கால், தரையைத் தொடுகிற கொசுவலையும் ஒரு கால். சுவரில் உரசுகிற விரிப்பைக்கூட அது விடாது. அதனால் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் நகர்த்துங்கள். வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மோட்டாரைச் சுவரில் சாய்க்காமல் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் மாட்டி, வயர் ஒன்றுதான் சுவருக்குப் போகிற மாதிரி செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவுங்கள். சுவிட்சுக்கு மிக அருகில் வேண்டாம். தூசி படிந்தால் அதன் மேலேயே நடந்து வரும், ஆகவே துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

சக்கரம் வைத்த கட்டில் என்றால் கிண்ணம் வைக்க முடியாது. சக்கரத்துக்கு மேலே காலில் அதே வாசலின் பட்டை போடுங்கள். கிண்ணம் வைத்தால் வாரம் இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

தலையணைக்கு வருகிற வரிசைக்குக் காரணம் உணவுதான். என்ன கொடுக்கிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை
பாலில் புரோட்டீன் பவுடர், நடுவில் சத்துமாவுக் கஞ்சி, மோர். பவுடர் இனிப்பாகத்தான் இருக்கும். கொடுத்து முடித்ததும் மூடியைப் போட்டுக் குழாயைத் தலையணை ஓரமாக வைத்துவிடுவோம்.

பணி ஓய்வு சிஸ்டர்
அந்த மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசு என்று இருக்கும். ஒவ்வொரு முறை உணவு முடிந்ததும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவீர்கள், பெரும்பாலும் 30 மில்லி சொல்வார்கள். அது குழாயின் உள்பக்கத்துக்கு. மூடியையும் குழாய் முனையின் வெளிப்பக்கத்தையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தனியாகத் துடைக்க வேண்டும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உணவு கொடுக்கும்போது மார்பில் ஒரு துண்டு விரியுங்கள். முடிந்ததும் அந்தத் துண்டு அறையில் இருக்கக் கூடாது. சிரிஞ்சைப் பிரித்து சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். உணவு கொடுத்ததும் படுக்க வைத்துவிடாதீர்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தலைமாடு உயரமாகவே இருக்கட்டும். எறும்புக்காகச் சொல்லவில்லை. சாய்த்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குப் போகும்.

புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியின் பிரித்த பாக்கெட்டுக்குள் எறும்பு போயிருந்தால் தட்டிவிட்டு உபயோகிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். இனிமேல் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள்.

இப்போது யூரின் பேக். அப்பா சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு?

வெண்ணாற்றங்கரை
இன்று காலை வெறும் வயிற்றில் 132. போன வாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாத்திரை மெட்ஃபார்மின், அதோடு டாப்பாகிளிஃப்ளோசின் 10.

திருச்சி மூர்த்தி
132 என்றால் நல்ல அளவுதானே. அப்புறம் எப்படி எறும்பு வரும்? குளுக்கோமீட்டர் கோளாறாக இருக்கும்.

பணி ஓய்வு சிஸ்டர்
மீட்டர் சரியாகத்தான் இருக்கும் சார். அந்த இரண்டாவது மாத்திரை வேலை செய்யும் விதமே அப்படி. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும். ரத்தத்தில் அளவு நன்றாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை இருக்கும், எறும்பு வரும். அந்த மாத்திரை சாப்பிடாதவருக்கு எறும்பு வந்தால் நீங்கள் சொன்னபடி சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் தம்பி, இதை டாக்டரிடம் சொல்லுங்கள். குழாய் போட்டுப் படுத்திருப்பவர், குழாய் வழி உணவு, கூடவே இந்த மாத்திரை. அந்தரங்க உறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், தண்ணீர்ச் சத்தும் குறையலாம். தொடரலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பையைக் காலி செய்தபின் அடிக்குழாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், எறும்புக்கு அதுதான் விருந்து. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, உறையில் செருகுங்கள். பை தரையைத் தொடக் கூடாது, இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது.

மதுரை மகள்
எறும்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். ஈயைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அம்மாவை ஒரு மருத்துவமனையிலிருந்து புண்ணோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டு நனைந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடைக்காலம், கரண்ட் போய் மின்விசிறி நின்ற மதியம். மறுநாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. அக்கம்பக்கத்தில் டர்பன்டைன் ஊற்றச் சொன்னார்கள், ஒருவர் பினாயில் என்றார். ஊற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். யாருக்கும் அந்த நாள் வர வேண்டாம்.

பணி ஓய்வு சிஸ்டர்
ஊற்றாமல் போனீர்களே, அதுதான் சரி மகளே. மருத்துவமனையில் டர்பன்டைன் உபயோகிப்பது உண்டு. அது டாக்டர் கண் முன்னால், அளவோடு, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவுவதற்காக. வீட்டில் ஊற்றினால் சதை வெந்துபோகும், புழு இன்னும் உள்ளே போகும். பினாயிலை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே அறுவை சிகிச்சை டாக்டரிடம் போவதுதான் வழி.

தம்பி, ஈக்களில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சோற்றில் உட்காரும் வீட்டு ஈ ஒன்று. பச்சையோ நீலமோ உலோகம் போல மினுக்கிக்கொண்டு, ரீங்காரத்தோடு வரும் பெரிய ஈ இன்னொன்று. இந்தப் பெரிய ஈ அறைக்குள் வந்தால் எதற்கோ வாடை பிடித்து வந்திருக்கிறது. அன்றைக்குக் கட்டு மாற்றும் முறை இல்லை என்றாலும் கட்டைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக, ரவை ஒட்டின மாதிரி கொத்தாக இருந்தால் அது முட்டை. நம் வெயிலுக்கு ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும்.

கட்டின் நாலு ஓரமும் பிளாஸ்டரால் மூடியிருக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு பட்டை ஒட்டிவிட்டு நடுவில் திறந்து விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஈக்கு அந்த வாசல் போதும். நீர் கசிந்து மேலே கறை தெரிந்தால் சிஸ்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்டின் மேல் அடுக்கை மட்டும் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். வாடை திடீரென்று மாறினாலோ, கசிவில் ரத்தம் கலந்தாலோ, காரணம் தெரியாமல் அவர் துடித்தாலோ உடனே காட்டுங்கள். வாயைத் திறந்தபடி தூங்குகிறவர் என்றால் வாயையும் காதையும் தினம் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் முட்டை இடும்.

பூச்சித் தொழில்
மாட்டுக் கொட்டகை இருப்பதால் சொல்கிறேன். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். சாணத்தை வாரம் இரண்டு முறை குழிக்கு எடுத்துப் போய், மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் புழு வளராது. அதைச் செய்யாமல் அறைக்குள் என்ன செய்தாலும் புது ஈ வந்துகொண்டே இருக்கும்.

அறைக்குள் என்றால், அப்பாவை ஒரு மணி நேரம் திண்ணைக்கு மாற்றிவிட்டு சுவரில் மருந்து அடிக்கலாம். முறையாக அடித்தால் ஈ உட்காரும் இடத்தில் பல நாள் நிற்கும்.

மதுரை மகள்
ஏர் பெட், குழாய், பை எல்லாம் இருப்பவரைத் திண்ணைக்கு மாற்றுவதா? நாலு பேர் வேண்டும் அண்ணா. ஆள் எங்கே?

பணி ஓய்வு சிஸ்டர்
எனக்கும் சம்மதம் இல்லை. சுவரில் காய்ந்தபின் ஒன்றும் செய்யாது என்று நீங்கள் சொல்வீர்கள். நெஞ்சுச் சளி இருப்பவருக்கு ஸ்பிரே அடித்த அறையில் இருமல் கூடியதை நான் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிக்கும் இதே பேச்சுதான்.

பூச்சித் தொழில்
ஆஸ்பத்திரிகளில் மருந்து அடிக்கிறார்களே அம்மா. எந்த மருந்து, எவ்வளவு நேரம் காற்றாட விடுவது என்பதைப் பொறுத்தது. உங்கள் பயம் புரிகிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வேண்டாம் என்றால் கதவு, ஜன்னலுக்கு வலை போடுங்கள். வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வலை மலிவு.

பணி ஓய்வு சிஸ்டர்
வலைக்கு நானும் சரி. கூடவே ஒரு டேபிள் ஃபேன், காற்று கட்டிலின் குறுக்கே கால்மாட்டிலிருந்து போகிற மாதிரி. முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். காற்று ஓடும் இடத்தில் ஈயால் நின்று உட்கார முடியாது. கழற்றிய டயப்பரை அறைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். உள்பக்கமாகச் சுருட்டி, கவரில் இறுகக் கட்டி, உடனே வெளியே மூடி போட்ட வாளிக்கு.

கிராம்பு டப்பா
பசங்க பக்கம் கொசு பற்றியும் யாராவது சொல்லுங்களேன், எங்கள் தெருவில் தாங்க முடியவில்லை.

வெண்ணாற்றங்கரை
எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன். மோட்டாரைக் கட்டிலில் மாட்டி, வயருக்கு வாசலின் போட்ட அன்று ராத்திரியே தலையணைக்கு எறும்பு வரவில்லை. இரையை போர்டுக்குக் கீழே வைத்தோம். முதல் இரண்டு நாள் மூடி தெரியாத அளவுக்கு மொய்த்தது, அம்மா பயந்துவிட்டார். இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் இன்னும் வருகிறது, அங்கேயும் ஒரு மூடி வைத்திருக்கிறேன். டாக்டர் டாப்பாகிளிஃப்ளோசினை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எழுதினார். பை பக்கம் எறும்பு வருவது நிற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். சாணக் குழிக்குத் தார்ப்பாய் வாங்கியாயிற்று, வலைக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள்.

மிச்சம் இருக்கும் இரைக் கரைசலை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பணி ஓய்வு சிஸ்டர்
வேண்டவே வேண்டாம். அப்பாவுக்குக் கொடுக்கும் மோரும் பாலும் அதே ஃபிரிட்ஜில்தானே இருக்கும்? கொட்டிவிட்டு, தேவைப்படும்போது கொஞ்சமாகப் புதிதாகக் கலக்குங்கள். மாத்திரை மாற்றியதால் முதல் வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். இனி பை பக்கம் எறும்பு வந்தால் முதலில் மீட்டரை எடுங்கள்.

பூச்சித் தொழில்
பஞ்சு காய்ந்தால் எறும்பு அதைத் தொடாது. இந்த வெயிலுக்கு தினமும் காலையில் நனைத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் முட்டைக் கருவை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.